சில்லு மூக்கு உடையும் குழந்தை: வறண்ட காலத்தில் மூக்கில் ஏன் அடிக்கடி ரத்தம் வருகிறது, எப்படி நிறுத்துவது, எப்படி ஆற்றுவது

காலையில் குழந்தையை எழுப்பப் போனால் தலையணை உறையில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தக் கறை. மூக்கிலிருந்து கன்னம் வரை காய்ந்த கோடு ஒன்று. குழந்தைக்கு எதுவும் தெரியாது, நன்றாகத்தான் தூங்கியிருக்கிறது. இரண்டு நாள் கழித்துப் பள்ளியிலிருந்து சட்டையில் சிவப்புப் புள்ளிகளோடு வருகிறது. அடுத்த வாரம் சாப்பிடும்போதே சொட்டுகிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கரூர், திருச்சி, ஈரோடு, வேலூர் போன்ற உள்மாவட்டங்களில் சின்னப் பிள்ளைகள் இருக்கும் பல வீடுகளுக்கு இது பழக்கமான காட்சி. "சில்லு மூக்கு உடைஞ்சிருச்சு, உடம்புச் சூடு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சில்லு மூக்கு என்று சொல்வது சரி. உடம்புச் சூடு என்ற இடத்தில்தான் வழி தவறுகிறது. ரத்தம் வருவது மூக்கின் உள்ளே, விரல் நுனி எட்டும் தூரத்தில், ஆறாமல் இருக்கும் ஒரு சிறு புண்ணிலிருந்து. அந்தப் புண் ஆறும்வரை ரத்தம் திரும்பத் திரும்ப வரும். ஆறிவிட்டால் நின்றுவிடும்.

இந்த வழிகாட்டி 2 வயதிலிருந்து 10 வயது வரையான, மற்றபடி ஆரோக்கியமாக இருக்கும் குழந்தைகளுக்கானது. 2 வயதுக்குக் கீழே மூக்கில் ரத்தம் வருவது வழக்கத்தில் இல்லாதது. அந்த வயதில் வீட்டு வைத்தியம் வேண்டாம், முதல் தடவையிலேயே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடைகிற இடம் எது?

இரண்டு மூக்குத் துளைகளுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. அதன் முன்பகுதி குருத்தெலும்பு. அதன்மேல் ஈரமான மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. துளையின் விளிம்பிலிருந்து அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் உள்ளே போனால், நடுச்சுவரில் பட்டாணி அளவுள்ள ஓர் இடத்தில் ரத்தக் குழாய்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கும். அமெரிக்க அறுவை மருத்துவர் ஜேம்ஸ் லிட்டில் 1879இலும், ஜெர்மன் மருத்துவர் வில்ஹெல்ம் கீசல்பாக் 1884இலும் இந்த இடத்தைப் பற்றி எழுதினார்கள். இன்றும் மருத்துவர்கள் இதை லிட்டில் பகுதி என்றே சொல்கிறார்கள். குழந்தைகளுக்கு வரும் மூக்கு ரத்தத்தில் மிகப் பெரும்பான்மை இங்கிருந்துதான் வருகிறது.

இந்த இடம் எளிதில் உடைய நான்கு காரணங்கள் ஒன்றுசேர்கின்றன. முதலாவது, பல திசைகளிலிருந்து வரும் தமனிகளின் கிளைகள் இங்கே வந்து கூடுகின்றன. மேலே கண்குழிப் பக்கத்திலிருந்து ஒன்று, பின்னால் தொண்டைப் பக்கத்திலிருந்து ஒன்று, அண்ணத்திலிருந்து ஒன்று, மேலுதட்டிலிருந்து ஒன்று. அதனால் ஒரு குழாய் கிழிந்தால் பல பக்கத்திலிருந்தும் ரத்தம் வந்து சேரும். சின்னக் கீறலுக்கு இவ்வளவு ரத்தமா என்று தோன்றுவது இதனால்தான்.

இரண்டாவது, குழாய்களுக்குப் பாதுகாப்பு இல்லை. கையில் அடிபட்டால் தோலுக்கு அடியில் கொழுப்பும் தசையும் மெத்தைபோலத் தாங்கும். இங்கே சவ்வுக்கு நேர் கீழே குருத்தெலும்பு. குழாய்கள் அந்த இரண்டுக்கும் நடுவே, மேற்பரப்பை ஒட்டியே ஓடுகின்றன. மூன்றாவது, மூச்சை இழுக்கும்போது வெளிக்காற்று முதலில் மோதுவது இந்தச் சுவரின் முன்பகுதியில். நான்காவது, குழந்தையின் விரல் சரியாக இந்த இடம் வரை எட்டும்.

வறண்ட காற்று என்ன செய்கிறது?

மூச்சுக் காற்று நுரையீரலுக்குள் போகும்போது 37 டிகிரிச் சூட்டில் முழு ஈரத்தோடு இருக்க வேண்டும். அப்படி இருக்கும் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 44 கிராம் தண்ணீர் ஆவியாகக் கலந்திருக்கும். வெளிக்காற்றில் குறைகிற ஈரத்தை, போகிற வழியில் மூக்கும் தொண்டையும்தான் கொடுத்தாக வேண்டும். முதல் அடியைத் தாங்குவது மூக்கின் முன்பகுதி.

கடற்கரை ஊர் ஒன்றில் 31 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருக்கும் மாலையில், காற்றிலேயே ஏறக்குறைய 22 கிராம் தண்ணீர் இருக்கும். மீதி 22 கிராம் உடம்பின் பொறுப்பு. உள்மாவட்டத்தில் மார்ச் மாதப் பகலில் 36 டிகிரி, 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், காற்றில் இருப்பது 12 கிராம்தான். உடம்பு 32 கிராம் கொடுக்க வேண்டும். 16 கிலோ எடையுள்ள குழந்தை ஓய்வாக இருந்தாலே ஒரு நாளில் சுமார் 4 கன மீட்டர் காற்றை இழுக்கிறது. அதாவது அரை டம்ளருக்கு மேல் தண்ணீர், சொட்டுச் சொட்டாகச் சவ்விலிருந்து போகிறது. மூச்சை விடும்போது ஒரு பகுதி திரும்ப மூக்கில் படிந்தாலும், காய்ந்த நாளில் வரவைவிடச் செலவு அதிகம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று ஏசி அறை. 24 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதம் என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் குளிர்ந்த காற்றில் மொத்தமே 11 கிராம் தண்ணீர்தான் இருக்கிறது. மூக்கைப் பொறுத்தவரை அது கரூரின் மார்ச் மாதப் பகலுக்குச் சமம். பகல் முழுக்க வெயில் காற்று, இரவு முழுக்க ஏசிக் காற்று என்றால் சவ்வுக்கு ஓய்வே கிடையாது. கோடையில் ஏசி போட்டுத் தூங்கும் குழந்தைக்கு விடியற்காலையில் ரத்தம் வருவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சவ்வின்மேல் எப்போதும் மெல்லிய சளிப்படலம் இருக்கும். அது காய்ந்தால் பசைபோல இறுகிப் பொருக்காக மாறும். பொருக்கு அரிக்கும், அடைத்த மாதிரி இருக்கும். குழந்தை விரலை விட்டுப் பிய்க்கும். பிய்க்கும்போது பொருக்கோடு சவ்வும் பிய்ந்து, கீழே இருக்கும் குழாய் வாய் திறக்கும். ரத்தம் வந்து உறைந்து, இன்னும் பெரிய பொருக்காகும். அதற்கடியில் மூக்கில் வழக்கமாகக் குடியிருக்கும் கிருமிகள் பெருகும், இடம் சிவந்து லேசாக அழற்சி அடையும். அழற்சி உள்ள இடத்தில் உடம்பு புதுக் குழாய்களை வளர்க்கும். அவை பழையவற்றைவிட மெலிந்தவை, தும்மினாலே உடையும். முதல் தடவை உடையக் காரணம் வறண்ட காற்று. ஐந்தாவது தடவை உடையக் காரணம் நாலாவது தடவை ஆறாத புண். அதனால்தான் மழை பெய்து காற்று ஈரமான பிறகும் சில பிள்ளைகளுக்கு ரத்தம் நிற்பதில்லை.

இளநீரும் மோரும் கொடுப்பதில் தவறில்லை, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அதனால் அந்தப் பொருக்கு இளகாது.

ரத்தம் வரும்போது: அந்தப் பத்து நிமிடம்

1. குழந்தையை மடியில், முதுகு உங்கள் மார்பில் சாயும்படி உட்கார வையுங்கள். படுக்க வைக்காதீர்கள். தலையைச் சற்று முன்னால் குனிய வைத்து, கீழே ஒரு கிண்ணமோ பழைய துண்டோ வையுங்கள். அண்ணாந்து பார்க்கச் சொல்லவே கூடாது. அண்ணாந்தால் ரத்தம் நிற்பதில்லை, தொண்டை வழியாக வயிற்றுக்குப் போகிறது. வயிற்றில் சேர்ந்த ரத்தம் குமட்டும், பழுப்பு நிறத்தில் வாந்தியாக வரும். அதைப் பார்த்து வீடே பதறும்.

2. மூக்கின் மேல்பகுதியில், கண்ணாடி உட்காரும் இடத்தில் எலும்பு தட்டுப்படும். அங்கிருந்து கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரண்டு பக்கமும் வைத்துக் கீழே இழுத்து வாருங்கள். எலும்பு முடிந்து மெத்தென்று ஆகும் இடத்திலிருந்து நுனி வரைதான் பிடிக்க வேண்டிய பகுதி. இரண்டு துளையும் முழுதாக மூடும்படி, உங்கள் நகத்தின் நுனி வெளுக்கும் அளவுக்கு அழுத்திப் பிடியுங்கள். ஒரு துளையிலிருந்துதான் வருகிறது என்றாலும் இரண்டையும் சேர்த்தே பிடியுங்கள். எதிர்ப்பக்க அழுத்தம் இருந்தால்தான் நடுச்சுவர் அசையாமல் அமுங்கும்.

3. கைபேசியில் 10 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். மணி அடிக்கும்வரை விரலை எடுக்காதீர்கள். குழந்தை வாயால் மூச்சு விடட்டும். வாய்க்கு வரும் ரத்தத்தை விழுங்காமல் துப்பச் சொல்லுங்கள். அழுதால் அழுத்தம் ஏறி ரத்தம் கூடும். அதனால் பிடித்த கார்ட்டூனைப் போட்டுக் கையில் கொடுங்கள். இந்த ஒரு வேளைக்கு அது மருந்து.

4. 10 நிமிடம் ஆனதும் மெல்ல விடுங்கள். இன்னும் சொட்டினால் இன்னொரு 10 நிமிடம். இரண்டாவது முறையும் நிற்கவில்லை என்றால் பிடித்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

நிற்கவில்லை என்று சொல்லி வருபவர்களில் பலர் செய்யும் தவறு இரண்டே. ஒன்று, எலும்பு இருக்கும் மேல்பகுதியைப் பிடிப்பது. அங்கே எவ்வளவு அழுத்தினாலும் கீழே இருக்கும் குழாய்க்கு அழுத்தம் போகாது. இன்னொன்று, நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கொரு முறை விட்டுப் பார்ப்பது. கிழிந்த குழாயின் வாயில் முதலில் தட்டணுக்கள் வந்து தளர்வாக ஒட்டும். அதன்மேல் நார்போன்ற வலை பின்னி இறுகப் பல நிமிடம் ஆகும். ஒவ்வொரு முறை விரலை எடுக்கும்போதும் பாதி உறைந்ததை ரத்தம் அடித்துக்கொண்டு போகிறது, கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. நாலு முறை விட்டு விட்டுப் பிடித்த 15 நிமிடம் உண்மையில் மூன்று, நாலு நிமிடத்துக்குத்தான் சமம்.

துளைக்குள் பஞ்சோ டிஷ்யூவோ திணிக்க வேண்டாம். உறைந்த ரத்தம் அதில் ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது புண் மறுபடி திறக்கும். தலையில் தண்ணீர் ஊற்றுவதாலோ வெங்காயம் முகரவைப்பதாலோ குழாய் மூடுவதில்லை. அதற்காக மூக்கை விட்டுவிட்டு ஓடும் இரண்டு நிமிடம்தான் நஷ்டம். ஐஸ் கட்டியைச் சப்பக் கொடுப்பதில் தீங்கில்லை, குழந்தை அமைதியாகும். மூக்கடைப்புக்கு விற்கும் சொட்டு மருந்துகளில் குழாயைச் சுருக்கும் வகை உண்டு. சின்னக் குழந்தைக்கு அதை நீங்களாக விடாதீர்கள்.

எவ்வளவு ரத்தம் போனது என்று கண் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி ரத்தம் கைக்குட்டை முழுக்கப் பரவும். 16 கிலோ குழந்தையின் உடம்பில் ஏறக்குறைய 1,200 மில்லி ரத்தம் இருக்கிறது. இரண்டு டீஸ்பூன் போனால் அது ஒரு சதவீதம்கூட இல்லை.

நின்ற பிறகு ஒரு நாள்

உறைந்த ரத்தத்தைத் துடைத்தெடுக்க வேண்டாம் என்பதுதான் முக்கியம். முகத்தை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள். 24 மணி நேரத்துக்கு மூக்கைச் சீந்த விடாதீர்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மச் சொல்லுங்கள். கொதிக்கக் கொதிக்க உணவு, வெந்நீர்க் குளியல், ஓடியாடும் விளையாட்டு ஆகியவற்றை அன்று தவிர்க்கலாம். இரவு தலைக்கு இன்னொரு தலையணை வையுங்கள். விழுங்கிய ரத்தத்தால் மறுநாள் மலம் கறுப்பாகப் போகலாம். ஒரு தடவை, இரண்டு தடவை அப்படிப் போவது எதிர்பார்த்ததுதான்.

புண்ணைக் கண்ணால் பாருங்கள்

மறுநாள் பகல் வெளிச்சத்தில், குழந்தையை உட்கார வைத்து, மூக்கு நுனியைக் கட்டைவிரலால் மெல்ல மேலே தூக்கி, கைபேசி டார்ச்சை அடியுங்கள். எதையும் உள்ளே விட வேண்டாம். நடுச்சுவரில், விளிம்புக்குச் சற்றுப் பின்னால், பழுப்புப் பொருக்கோ, பளபளக்கும் சிவந்த திட்டோ, மெல்லிய சிவப்பு நூல்போன்ற குழாயோ தெரிந்தால் அதுதான் இடம். எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூக்கைச் சுற்றித் தேன் நிறப் பொருக்கு இருந்தால் கிருமித் தொற்று கூடியிருக்கிறது, மருத்துவர் தரும் களிம்பு தேவைப்படும்.

நான்கு வாரச் சிகிச்சை

சவ்வு கிழிந்து மூட சில நாள் போதும். ஆனால் அது முன்போலத் தடித்து உறுதியாக மூன்று, நான்கு வாரம் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் ஒரு வாரம் ரத்தம் வராவிட்டால் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். பத்தாம் நாள் மறுபடி உடைகிறது. மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். ஆகவே தேதியை நாட்காட்டியில் குறித்து, 28 நாள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இதற்கு வேண்டியது இரண்டு பொருள். ஒன்று உப்புநீர்ச் சொட்டு. மருந்துக்கடையில் சேலைன் நேசல் டிராப்ஸ் என்று கேட்டால் கிடைக்கும். மருந்து எதுவும் கலக்காத வெறும் உப்புநீர்தானா என்று லேபிளில் பார்த்து வாங்குங்கள். வீட்டிலும் செய்யலாம்: 250 மில்லி தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, தலைதட்டிய அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாகத் தூள் உப்பு கரைத்தால் ஏறக்குறைய ரத்தத்தின் உப்பளவுக்கு வரும். அதை அன்றைக்கு மட்டுமே வைத்திருங்கள், இரவில் மீதியைக் கொட்டிவிடுங்கள். உப்பு கூடினால் எரியும், குழந்தை அடுத்த முறை மூக்கைக் காட்டாது.

இன்னொன்று களிம்பு. புண் ஆறுவதற்கு நன்றாக உதவுவது கிருமிநாசினிக் களிம்பு. முபிரோசின் களிம்பை மருத்துவர்கள் பெரும்பாலும் தினம் இரண்டு வேளை, சில நாட்களுக்கு எழுதித் தருவார்கள். அது ஆண்டிபயாட்டிக், அவர் எழுதிய நாள் கணக்கைத் தாண்டிப் போடக் கூடாது. அது முடிந்த பிறகு, அல்லது பொருக்கு லேசாகத்தான் இருக்கிறது என்றால், வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி. வெறும் ஜெல்லி மட்டும் போட்டு ரத்தத்தை நிறுத்த முடியும் என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. அதன் வேலை இடத்தைக் காயவிடாமல் மூடி வைப்பது, அவ்வளவுதான். அழற்சி தெரிகிற மூக்குக்கு ஜெல்லியை மட்டும் நம்பி ஒரு மாதம் கழிக்காதீர்கள்.

போடும் விதத்தில் பலர் தவறுகிறார்கள். கையைக் கழுவி, முதல் வேலையாக ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு உப்புநீர் விடுங்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள், பொருக்கு ஊறும். பிறகு மிளகு அளவு களிம்பைச் சுண்டுவிரல் நுனியில் எடுத்து, துளையின் உள்விளிம்பில் வையுங்கள். உள்ளே தள்ளக் கூடாது, தேய்க்கக் கூடாது. பிறகு வெளியிலிருந்து மூக்கின் இரண்டு பக்கத்தையும் மெல்ல அழுத்தி அழுத்தி விடுங்கள், பத்து முறை. களிம்பு தானாகவே நடுச்சுவரில் பரவும். காதுகுடையும் பஞ்சுக் குச்சியால் போட்டால், கை ஒரு நொடி தவறினாலும் அதே இடத்தைக் குத்தும். இரவுக் களிம்பைப் படுக்கையில் போடாமல், படுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே போட்டு முடியுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மூக்கில் தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், நெய் சொட்டுவிடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். மூக்கில் விடும் எண்ணெய் இருமலைக்கூட எழுப்பாமல் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலில் இறங்கும். அங்கே அது கரையாது. எளிதில் ஆறாத ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். ஜெல்லியையும் மிளகு அளவுக்கு மேல் போடக் கூடாது என்பதற்கு இதே காரணம்தான்.

முழுக்கதையையும் ஒரு குழந்தையை வைத்துப் பார்ப்போம். கரூரில் நாலரை வயதுப் பையன், 16 கிலோ. மூன்று வாரத்தில் ஆறு முறை ரத்தம் வந்திருக்கிறது. ஐந்து முறை வலது துளையில், நாலு முறை விடியற்காலையில். ஒவ்வொரு முறையும் ஐந்து, ஆறு நிமிடம். இரவு முழுக்க ஏசி 22 டிகிரியில், காற்று நேராகக் கட்டில்மேல். டார்ச்சில் பார்த்தால் வலப்பக்க நடுச்சுவரில் பருப்பளவு பழுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. உடம்பில் வேறு எங்கும் ரத்தக் கசிவோ கன்றலோ இல்லை. ஆறில் ஐந்து ஒரே பக்கம், பொருக்கும் அதே பக்கம் என்பதால், இது ஓரிடத்துப் புண் என்று சொல்லிவிடலாம்.

மருத்துவர் களிம்புக்கு எழுதித் தருகிறார். முதல் வாரம் உப்புநீர் தினம் மூன்று வேளை, களிம்பு இரண்டு வேளை. நகத்தை வாரம் இரண்டு முறை வெட்டி, ஓரத்தைத் தேய்த்து மழுங்கவைக்கிறார்கள். இரவில் கைக்கு மெல்லிய பருத்தி உறை. பொருக்கு மூன்றாம் நாளே இளகத் தொடங்குகிறது. ஒன்பதாம் நாள் விடியலில் மறுபடி ரத்தம், இரண்டு நிமிடம் சொட்டுகிறது. இது தோல்வி இல்லை. பழைய பொருக்கு கழன்று விழும் நாள் அது. வழக்கம்போல 10 நிமிடம் பிடித்து, அன்று மட்டும் களிம்பு போடாமல், மறுநாள் தொடர்கிறார்கள். இரண்டாம் வாரக் கடைசியில் சிவப்பு வெளிறி, சவ்வு இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. மூன்றாம், நான்காம் வாரம் இரவில் மட்டும் ஜெல்லி, காலையும் மாலையும் உப்புநீர். 28ஆம் நாளுக்குப் பிறகு ஜெல்லியை நிறுத்திவிட்டு, கோடை முடியும்வரை படுக்கும் முன் உப்புநீர் இரண்டு சொட்டு.

நாலு வாரமும் ஒரு தாளில் தேதி, நேரம், எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் என்று எழுதி வையுங்கள். மருத்துவரிடம் போக நேர்ந்தால் உங்கள் ஞாபகத்தைவிட அந்தத் தாள் அதிகம் சொல்லும்.

விரல் விடுவதற்காகக் குழந்தையை அடிப்பதும் அதட்டுவதும் உதவாது. அரிப்பு இருக்கும்வரை விரல் போகும், தூக்கத்தில்கூடப் போகும். பொருக்கு இளகினால் அரிப்பு தானாகக் குறையும். தும்மலும், உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்ப்பதும், காலையில் மூக்கொழுகலும் சேர்ந்து இருந்தால் ஒவ்வாமை இருக்கலாம். அதைக் கவனிக்காமல் புண்ணை மட்டும் ஆற்ற முடியாது. ஒவ்வாமைக்கு ஏற்கெனவே ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே போடுகிறீர்கள் என்றால், அதன் முனை நடுச்சுவரைப் பார்த்திருக்கிறதா என்று கவனியுங்கள். மருந்து நாள்தோறும் அந்தச் சுவரில் அடித்தால் அங்கேயே காய்ந்து உடையும். வலது துளைக்கு இடது கையாலும் இடது துளைக்கு வலது கையாலும் அடித்தால் முனை தானாக வெளிப்பக்கம், அதே பக்கத்துக் காதை நோக்கித் திரும்பும்.

அறையில் செய்ய வேண்டியது

ஏசியின் காற்றுத் தகட்டை மேலே திருப்பிவிடுங்கள், முகத்தில் நேராக அடிக்கக் கூடாது. 22க்குப் பதில் 26, 27 டிகிரியில் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓடவிடலாம். ஈரப்பதமானி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அளவு 50 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். ஈரத்துணி காயப்போடுவதோ அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைப்பதோ ஓரளவுதான் உதவும். ஈரப்பதமூட்டி வாங்கினால் குளிர்ந்த ஆவி வருவதாக வாங்குங்கள். வெந்நீர் ஆவிக் கருவியும், வாளி வெந்நீரில் ஆவி பிடிப்பதும் குழந்தை உள்ள வீட்டில் தீக்காயத்துக்கு வழி. தினம் தண்ணீரை மாற்றாமல் விட்டால் கருவியே கிருமியைத் தூவும். 60 சதவீதத்தைத் தாண்டினால் சுவரில் பூஞ்சை பூக்கும், ஒவ்வாமை கூடும்.

இது வெறும் சில்லு மூக்கு இல்லை என்று எப்படித் தெரியும்?

காய்ச்சலோடு மூக்கில் ரத்தம் வந்தால் வறண்ட காற்றைக் குறை சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். டெங்குவில் தட்டணுக்கள் குறைந்து இப்படி வரலாம், அன்றே ரத்தப் பரிசோதனை வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். இபுபுரூஃபென், ஆஸ்பிரின் இரண்டும் கூடாது.

ஒரே ஒரு துளையில் ரத்தத்தோடு நாற்றமடிக்கும் சளி வந்தால், குழந்தை உள்ளே எதையாவது போட்டிருக்கலாம். புளியங்கொட்டை, பாசிமணி, நுரைத்துண்டு என்றால் ஒரு நாள் தாமதம் தாங்கும். பொம்மையிலோ ரிமோட்டிலோ இருக்கும் வட்ட பேட்டரி என்றால் தாங்காது. ஈரத்தில் பட்டதும் அது அரிக்கத் தொடங்கி, சில மணி நேரத்தில் நடுச்சுவரை ஓட்டையாக்கும். வீட்டில் ஒரு பேட்டரி காணோம், குழந்தைக்கு ஒரு துளையில் கறுத்த நீர் வடிகிறது என்றால் நள்ளிரவானாலும் கிளம்புங்கள். சொட்டு மருந்து எதுவும் விடாதீர்கள்.

ரத்தம் உறைவதில் கோளாறு இருக்குமோ என்ற பயம் பல பெற்றோருக்கு உண்டு. ஒரே பக்கம், சில நிமிடம், பொருக்குக் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் பொதுவாகப் பரிசோதனை தேவைப்படாது. ஒவ்வொரு முறையும் 20, 30 நிமிடம் நீடிப்பது, பக்கம் மாறி மாறி வருவது, அடிபடாத இடங்களில் கன்றுவது, தோலில் ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள், பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், வீட்டில் வேறு யாருக்காவது பல் பிடுங்கியபோதோ பிரசவத்திலோ மாதவிடாயிலோ ரத்தம் அளவுக்கு மீறிப் போனது — இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தட்டணு எண்ணிக்கையும் ரத்தம் உறையும் நேரமும் பார்ப்பார். வான் வில்லிபிராண்ட் நோய் என்ற பரம்பரைக் கோளாறு பல நேரம் முதலில் மூக்கு ரத்தமாக வெளிப்படும். சாதாரணப் பரிசோதனையில் அது தப்பிவிடலாம், தனிப் பரிசோதனை வேண்டும். குழந்தை வெளிறி, சோர்ந்து, மூச்சு வாங்கினாலும் தாமதிக்க வேண்டாம்.

நாலு வாரத்திலும் நிற்காவிட்டால்

காது மூக்கு தொண்டை மருத்துவர் சில்வர் நைட்ரேட் தடவிய குச்சியால் அந்தக் குழாயைச் சுட்டு அடைப்பார். முதலில் மரத்துப்போகும் மருந்தில் நனைத்த பஞ்சைச் சில நிமிடம் வைத்திருப்பார். பிறகு குச்சி படுவது சில நொடிகள்தான். கண்ணீர் வரும், தும்மல் வரும். பட்ட இடம் வெளுத்து, பிறகு கறுக்கும். வழிந்த மருந்து மேலுதட்டில் கறுப்புக் கறையாக நிற்கலாம், அது சில நாளில் போய்விடும். அசையாமல் உட்காரத் தெரியாத வயதில் இதைச் செய்வது கடினம். அதனால் களிம்பைச் சரியாக, சொன்ன எல்லா நாளும் போட்டுப் பார்த்த பிறகே இதற்கு வருவார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விடாப்பிடியாக இருங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் சுடக் கூடாது. நடுச்சுவரின் குருத்தெலும்புக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது, இரண்டு பக்கத்துச் சவ்விலிருந்துதான் ஊட்டம் வருகிறது. எதிரெதிரே இரண்டையும் சுட்டால் நடுவில் ஓட்டை விழலாம். ஒரு பக்கம் முடிந்து சில வாரம் கழித்தே மறுபக்கம். சுட்ட பிறகும் இரண்டு வாரத்துக்கு அதே மிளகு அளவு களிம்பு, அதே உப்புநீர், அதே வெட்டிய நகம். அந்தக் கறுத்த பொருக்கைக் குழந்தை பிய்க்காமல் தானாக விழவிட்டால்தான் சுட்டதன் பலன் நிற்கும்.